கோடிட்ட இடத்தை நிரப்பும் குறுக்கெழுத்து: பழமொழி தெரிகிறது, கட்டத்தில் மட்டும் உட்கார மறுக்கிறது

மைதிலி_உறையூர்

வணக்கம். அப்பாவுக்கு வாராவாரம் ஒரு குறுக்கெழுத்துப் புதிரை நகல் எடுத்துக் கொடுப்பேன். இருவரும் சேர்ந்துதான் போடுவோம். விளக்கம் சொல்லிக் கேட்கும் குறிப்புகளை எப்படியோ முடித்துவிடுகிறோம். பழமொழியில் ஒரு சொல்லை எடுத்துவிட்டுக் கோடு போட்டிருக்கும் குறிப்புகளில்தான் மாட்டிக்கொள்கிறோம். பழமொழி எங்களுக்கு மனப்பாடம். ஆனால் எழுத்து எண்ணிக்கை ஒத்துவரவில்லை. இந்த வாரம் ஐந்து இடங்களில் நிற்கிறோம்:

இடமிருந்து வலம்
6. ____ இட்ட விளக்கு (5)
11. மண் ____ நம்பி ஆற்றில் இறங்காதே (3)
14. யாதும் ஊரே யாவரும் ____ (3)
17. ____ தவளை (5)
19. ஆயிரம் ____க் கொன்றவன் அரை வைத்தியன் (2)

6-இல் முதல் கட்டத்துக்குக் 'கு' வந்துவிட்டது. அதனால் 'குன்றில்' என்று எழுதினோம், ஒரு கட்டம் மிஞ்சுகிறது. 11-இல் 'குதிரையை' எழுதினால் ஒரு கட்டம் போதவில்லை. 14-இல் எண்ணிக்கை சரியாக இருக்கிறது, ஆனால் மேலிருந்து கீழே வரும் சொல் கெட்டுப்போகிறது. 17-இல் 'கிணற்று' நான்குதான். புதிர் அமைத்தவர் தப்பாக எண்ணியிருக்கிறார் என்கிறார் அப்பா. ஐந்திலுமா தப்பு இருக்கும் என்று எனக்குச் சந்தேகம்.

---

நிரல்_கார்த்தி

எழுத்து எண்ணிக்கைப் பிரச்சினை எனக்கும் வந்தது. கணினி தமிழ் எழுத்துகளை நாம் எண்ணுவது போல எண்ணாது. 'கு' என்பதை அது க தனியாக, உகரக் குறி தனியாக, இரண்டாகப் பார்க்கும். நான் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதிர் உருவாக்க ஒரு சிறு நிரல் எழுதியபோது எல்லாச் சொல்லும் இரட்டிப்பு நீளத்தில் வந்தது. இப்படிச் சரிசெய்தேன்:

```
import regex
len("குடத்தில்")                          # 9
len(regex.findall(r"\X", "குடத்தில்"))    # 5
```

உங்கள் புதிரை உருவாக்கிய மென்பொருளில் இந்தக் கோளாறு இருக்கலாம்.

---

மைதிலி_உறையூர்

நன்றி தம்பி. ஆனால் எங்களுடையது அச்சுத் தாளில் வந்த புதிர், பென்சிலால் போடுகிறோம். எண்ணுவதும் விரல் விட்டுத்தான். நான் எழுதிய சொல்லே சரியா என்பதுதான் என் கேள்வி.

ஒன்று கவனித்தேன். நீங்கள் உதாரணமாகக் கொடுத்த 'குடத்தில்' ஐந்து எழுத்து, அதுவும் 'கு'வில் தொடங்குகிறது!

---

கட்டக்காரர்

கார்த்தி தெரிந்து எழுதினாரோ தெரியாமல் எழுதினாரோ, 6-க்கு விடை அதுவேதான். 'குடத்திலிட்ட விளக்கு'. கு, ட, த், தி, ல்.

நான் ஒரு சிற்றிதழுக்குப் பல ஆண்டுகள் புதிர் அமைத்தவன். இந்த இரட்டையை வைத்து நானே புதிர் போட்டிருக்கிறேன். குன்றின் மேலிட்ட விளக்கு ஊருக்கெல்லாம் தெரியும். குடத்திலிட்ட விளக்கின் ஒளி வெளியே வராது. பொருள் நேர் எதிர், தொடக்க எழுத்து ஒன்று, பின்பாதியும் ஒன்று. குறிப்பில் பொருள் எதுவும் சொல்லாதபோது எண்ணிக்கைதான் இரண்டையும் பிரிக்கிறது. 'குன்றில்' நான்கு, 'குடத்தில்' ஐந்து. அடைப்புக்குள் 5 என்று போட்டவர் தெரிந்துதான் போட்டிருக்கிறார்.

உங்கள் அப்பாவுக்கு நேர்ந்தது எல்லோருக்கும் நேர்வதுதான். கோடிட்ட குறிப்பைப் படித்ததும் வாய் தானாகவே ஒரு தொடரைச் சொல்லிவிடும். அதன்பின் வேறு தொடர் நினைவுக்கே வராது. நான் என்ன செய்வேன் என்றால், வாயில் வந்த தொடரை ஓரத்தில் முழுசாக எழுதிவிட்டு, அதே தொடரை வேறு எப்படியெல்லாம் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்று அதன் கீழே எழுதுவேன். 'ஆடிக் காற்றில் ____ பறக்கும்' என்று வந்தால் வாயில் வருவது அம்மி. அது மூன்று எழுத்து. குறிப்பில் 5 என்று இருந்தால் 'அம்மியும்'. 'ஆடிக் காற்றில் ____யும் பறக்கும்' என்று அச்சாகியிருந்தால் மறுபடி மூன்றுதான். விகுதி கோட்டுக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை அச்சில் பார்த்துவிட்டுத்தான் எண்ணத் தொடங்க வேண்டும்.

மற்ற நான்கையும் சாயங்காலம் பார்க்கிறேன்.

---

செந்தில்78

11-க்கு நான் சொல்கிறேன். இந்தப் பழமொழியை எல்லோரும் தப்பாகச் சொல்கிறார்கள். மூலத்தில் இருப்பது குதிரை இல்லை, குதிர். மண் குதிர் என்றால் ஆற்று நடுவே இருக்கும் மணல் திட்டு. அதை நம்பிக் காலை வைத்தால் புதைந்துவிடும். மண்ணில் செய்த குதிரையை நம்பி யார் ஆற்றில் இறங்குவார்கள்? கு, தி, ர். மூன்று எழுத்து, கச்சிதமாகப் பொருந்துகிறது. போட்டுவிடுங்கள்.

---

மைதிலி_உறையூர்

அட, ஆமாம், மூன்று! அப்பாவிடம் சொன்னேன், அவருக்கும் பிடித்துப்போனது. எழுதிவிட்டோம்.

---

பாத்திமா_டீச்சர்

14-ஐப் பார்க்கிறேன். நீங்கள் 'கேளீர்' என்று நெடிலாக எழுதியிருக்கிறீர்களா? வகுப்பில் ஆண்டுதோறும் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் எழுதுகிறார்கள். புறநானூற்று 192-ஆம் பாட்டில் கணியன் பூங்குன்றனார் சொன்னது 'கேளிர்', குறில். கேளிர் என்றால் உறவினர். எல்லா ஊரும் எம் ஊர், எல்லாரும் எம் உறவினர். 'கேளீர்' என்று நீட்டினால் 'கேளுங்கள்' என்று பொருள் மாறிவிடும். மேடையில் முழங்கும்போது நீட்டியே பழகிவிட்டதால் காதுக்கு அதுதான் சரி போல இருக்கிறது.

இரண்டு வடிவத்துக்கும் மூன்று எழுத்துதான். அதனால் எண்ணிக்கை உதவாது. நடுக் கட்டம்தான் சொல்லும். அதன் வழியாக மேலிருந்து கீழே போகும் சொல் எது?

---

மைதிலி_உறையூர்

டீச்சர், அதேதான்! நடுக் கட்டத்தில் இறங்குவது 12 மேலிருந்து கீழ்: 'இலவு காத்த ____ (2)'. கிளி என்று தெரியும், ஆனால் எங்கள் 'ளீ' அங்கே உட்கார்ந்துகொண்டு 'கிளீ' ஆக்கியிருந்தது. அதனால் 12-ஐயே அழித்துவிட்டு வேறு பறவை தேடிக்கொண்டிருந்தோம். அப்பா இத்தனை காலமும் நீட்டித்தான் சொல்லிவந்தாராம். புறநானூற்றை எடுத்து வரச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார்.

---

கட்டக்காரர்

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கிளியை அங்கே இறக்கியவர் வேண்டுமென்றே இறக்கியிருக்கிறார். ஒரு தொடர் இரண்டு விதமாகப் புழங்கி, இரண்டும் ஒரே நீளமாக இருந்தால், எந்தக் கட்டத்தில் வேறுபாடு இருக்கிறதோ அந்தக் கட்டத்தின் வழியே இன்னொரு சொல்லை ஓட்ட வேண்டும். புதிர் அமைப்பவரின் கடமை அது. அதைச் செய்யாவிட்டால் போடுகிறவர் ஊகிக்கத்தான் வேண்டியிருக்கும்.

இந்தக் காரணத்தால்தான் 11-க்கு இன்னும் முடிவு சொல்ல மாட்டேன். செந்தில் சொன்ன 'குதிர்', ஊரில் சொல்லும் 'குதிரை', இரண்டுமே மூன்று கட்டம். கு, தி இரண்டுக்கும் பொது. மூன்றாவது கட்டம் 'ர்' ஆ 'ரை' ஆ என்பதுதான் கேள்வி. மைதிலி, அந்த மூன்றாவது கட்டத்தின் வழியே என்ன போகிறது?

---

செந்தில்78

ஐயா, 'குதிரை' எப்படிப் பொருந்தும்? 'மண் குதிரையை நம்பி' என்றுதானே சொல்வார்கள். அது நான்கு எழுத்து.

---

கட்டக்காரர்

'மண் குதிரை நம்பி ஆற்றில் இறங்கலாமா' என்று ஐ உருபு இல்லாமலும் சொல்வார்கள் தம்பி. உருபு தொக்கி வருவது நம் பேச்சில் சாதாரணம். பால் குடித்தான், மரம் வெட்டினான் என்கிறோம் அல்லவா? கட்டம் பற்றாதபோது புதிர் அமைப்பவர்கள் முதலில் கழற்றுவது இந்த உருபைத்தான்.

---

மைதிலி_உறையூர்

அந்த மூன்றாவது கட்டம் 8 மேலிருந்து கீழ் சொல்லின் இரண்டாவது எழுத்து. குறிப்பு: '____ ஓடியும் திரவியம் தேடு (5)'. அது திரைகடல். வெள்ளிக்கிழமையே எழுதிவிட்டோம்... தி, ரை, க, ட, ல். இப்போது பார்த்தால், 'குதிர்' எழுதும்போது 'ரை'யை அழித்துவிட்டு 'ர்' போட்டிருக்கிறேன்.

---

கட்டக்காரர்

அப்போது 'ரை'தான், குதிரைதான். திரைகடல் கொன்றை வேந்தனில் உள்ள வரி. எழுதிவைத்த நூலின் வரி ஊருக்கு ஊர் மாறாது. பழமொழி வாய்வழி வந்தது, மாறும். கட்டத்தில் இரண்டும் முட்டிக்கொண்டால் நூல்வரியை நம்பிப் பழமொழியை மாற்றுங்கள். அதனால்தான் ஆத்திசூடி, கொன்றை வேந்தன், குறள் வரிகளில் கோடு போட்ட குறிப்புகளை நான் முதலில் முடித்துவிடுவேன்.

---

செந்தில்78

புதிரில் குதிரை என்று இருக்கலாம், ஆனால் அது தவறான வழக்கு என்பதை மறுக்க முடியாது. மக்கள் மறந்துபோன மூல வடிவத்தைத்தான் புதிர் அமைப்பவர் கொடுக்க வேண்டும். தவறையே திரும்பத் திரும்ப அச்சிட்டால் எப்படிச் சரியாகும்?

---

பாத்திமா_டீச்சர்

குதிர் என்றால் நான் அறிந்தவரை நெல் கொட்டிவைக்கும் மண்கூடு. எங்கள் பாட்டி வீட்டில் ஆள் உயரத்துக்கு இருந்தது. 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்ற பழமொழியில் வருவது அந்தக் குதிர்தான். மணல் திட்டு என்ற பொருளில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தம்பி, அந்தப் பொருளில் குதிர் வரும் பழைய செய்யுள் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், வகுப்பிலும் சொல்வேன்.

இன்னொன்று. மண்ணால் செய்த குதிரை தண்ணீரில் கரைந்துவிடும் என்பதே இந்தப் பழமொழிக்குப் போதுமான பொருளாகத்தான் எனக்குப் படுகிறது. நம் ஊர் ஐயனார் கோயில்களில் மண் குதிரை நிற்கிறதே. அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது விநோதமான கற்பனை அல்ல.

---

செந்தில்78

செய்யுள் கைவசம் இல்லை. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னது. அவர் காவிரிக் கரையில் பிறந்தவர், சும்மா சொல்லமாட்டார். நான் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

---

கிள்ளான்_ரவி

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குத் தமிழ்ப்பள்ளியில் மரபுத்தொடர், இணைமொழி, உவமைத்தொடர் எல்லாம் பாடத்திட்டத்திலேயே வரும், பொருளோடு மனனம் செய்வோம். மரபுத்தொடரை 'கம்பி நீட்டுதல்', 'கரைத்துக் குடித்தல்' என்று தொழிற்பெயராகவே படித்தோம். அதனால் எனக்கு வேறு விதமான சிக்கல். போன மாதம் ஒரு புதிரில் இப்படி வந்தது: 'கடன் கொடுத்தவரைக் கண்டதும் பின்வாசல் வழியே கம்பி ____ (5)'. நான் யோசிக்கவே இல்லை, 'நீட்டுதல்' என்று எழுதினேன். ஐந்து எழுத்து, பொருந்தியது. அதன்பின் அந்த மூலை முழுக்கக் கெட்டுவிட்டது. விடையில் 'நீட்டினான்' என்று இருந்தது. அதுவும் ஐந்து.

---

கட்டக்காரர்

ரவி, இது நல்ல உதாரணம். நீட்டுதல், நீட்டினான், நீட்டுவான், நீட்டினாள், நீட்டினார் எல்லாமே ஐந்து கட்டம். எழுதிப் பாருங்கள், முதல் இரண்டு எழுத்து எல்லாவற்றிலும் நீ, ட். ஆக, தொடரைக் கண்டுபிடித்ததும் நிச்சயமாகத் தெரிவது அந்த இரண்டு மட்டுமே. நான் அப்படிப்பட்ட இடத்தில் 'நீட்' வரை அழுத்தி எழுதிவிட்டு மீதி மூன்றையும் காலியாக விடுவேன். மூன்றாவது கட்டத்தில் 'டி' வந்தால் இறந்தகாலம். 'டு' வந்தால் எதிர்காலமோ தொழிற்பெயரோ. கடைசிக் கட்டம் ஆணா பெண்ணா மரியாதையா என்று சொல்லும்.

குறிப்பின் வாக்கிய அமைப்பும் பேசும். 'கண்டதும் பின்வாசல் வழியே' என்று ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் அங்கே வினைமுற்று வேண்டும், 'நீட்டுதல்' வாக்கியத்தை முடிக்காது. கோட்டில் சொல்லைப் போட்டபின் முழு வாக்கியத்தையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்தால் இது காதுக்கே தெரிந்துவிடும். ஆனால் எழுவாய் இல்லாத அந்தக் குறிப்பில் 'நீட்டினான்' ஆ 'நீட்டினாள்' ஆ என்பதை வாக்கியத்தால் சொல்லமுடியாது. கடைசிக் கட்டத்தில் குறுக்கே சொல் ஓடியதா?

---

கிள்ளான்_ரவி

இல்லை ஐயா. கடைசிக் கட்டம் தனியாகத்தான் நின்றது.

---

கட்டக்காரர்

அப்போது அது அமைத்தவரின் குறை. 'அவன்' என்று ஒரு சொல் சேர்த்திருக்கலாம்.

சரி, 17. 'கிணற்றுத் தவளை'. அடுத்த சொல் த-வில் தொடங்குவதால் நடுவில் த் மிகும். அந்தத் த் யாருடையது? கோட்டுக்குள்ளா, வெளியேயா? உங்கள் 19-ஆம் குறிப்பைப் பாருங்கள். 'ஆயிரம் ____க் கொன்றவன்' என்று க்-ஐக் கோட்டுக்கு வெளியே அச்சிட்டிருக்கிறார். 17-இல் அப்படி எதுவும் வெளியே இல்லை, எண்ணிக்கையும் ஒன்று கூடுதல். ஆகவே இந்தப் புதிரில் த் உள்ளே. கி, ண, ற், று, த்.

இதற்கு வேறொரு சோதனையும் உண்டு. க், ச், ட், த், ப், ற் இவற்றில் தமிழ்ச் சொல் முடியாது. கடைசிக் கட்டத்துக்குக் குறுக்கிலிருந்து க், ச், த், ப் இவற்றில் ஒன்று வந்து விழுந்தால், உங்கள் விடை தவறு என்று அழிக்காதீர்கள். அது ஒற்று, கோட்டுக்குள் அடக்கியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதே போல எந்தச் சொல்லும் புள்ளி எழுத்தில் தொடங்காது. ஒரு கட்டத்தில் எண் போட்டிருந்தால் அங்கே ஒரு சொல் தொடங்குகிறது, எனவே அங்கே புள்ளி எழுத்து வராது. 'வலமிருந்து இடம்', 'கீழிருந்து மேல்' கேட்கும் புதிர்களில் சொல்லின் முதல் எழுத்து வலக்கோடியிலோ அடியிலோ இருக்கும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

---

பாத்திமா_டீச்சர்

நடுவிலும் இது உதவும். க், ச், த், ப் வந்தால் அடுத்த கட்டம் பெரும்பாலும் அதே வரிசை எழுத்துதான்: பக்கம், அச்சு, பத்து, அப்பா. பக்தி, சக்தி போன்ற வடசொற்களில்தான் மாறும். ங் வந்தால் அடுத்தது க வரிசை.

ஆனால் ஐயா, ஒற்றெழுத்தைக் கோட்டுக்குள் எண்ணுவதை நான் ஏற்கவில்லை. விடை 'கிணறு' அடியாகப் பிறந்த 'கிணற்று'. த் இரண்டு சொல் சேரும்போது பிறப்பது, அந்தச் சொல்லின் எழுத்து அல்ல. விடைப் பட்டியலில் 'கிணற்றுத்' என்று தனியாக அச்சிட்டால் பிள்ளைகள் அதையே சொல் என்று படிப்பார்கள்.

---

கட்டக்காரர்

டீச்சர், மிகும் ஒற்றை நாம் எழுதுவதே முதல் சொல்லோடு ஒட்டித்தானே? 'கிணற்றுத்' என்று எழுதி இடம் விட்டுத்தான் 'தவளை' எழுதுகிறோம். கோடு என்பது அச்சில் அந்த இடத்தில் இருப்பதை எடுத்துவிட்டு வைத்தது. நான் அமைத்தபோது உள்ளேயே எண்ணினேன். என்னோடு அமைத்த நண்பர் கடைசிவரை வெளியேதான் வைத்தார். எங்களுக்குள் இது தீரவே இல்லை.

---

பாத்திமா_டீச்சர்

எனக்கும் தீரவில்லை. ஒரே இதழில் ஒரே முறையைக் கடைப்பிடித்தால் போதும் என்பது வரை ஒப்புக்கொள்கிறேன். இந்தப் புதிரில் 17-இல் உள்ளே, 19-இல் வெளியே. ஒருவரே இரண்டு விதமாகச் செய்திருக்கிறார்.

---

கட்டக்காரர்

அது நியாயமான புகார். 19-இல் மூன்று கட்டம் கிடைக்காமல் வெளியே தள்ளியிருப்பார்.

---

மைதிலி_உறையூர்

17 எழுதியாயிற்று. 19 மட்டும் பாக்கி. 'பேரை'தானே?

---

செந்தில்78

'வேரை'. ஆயிரம் மூலிகை வேரை எடுத்துப் பழகியவன்தான் அரை வைத்தியனாவது ஆவான் என்பது பொருள். ஆளைக் கொன்றால் எப்படி வைத்தியன் ஆவான்? இதிலாவது நான் சொல்வதைக் கேளுங்கள்.

---

கட்டக்காரர்

'வேரை' என்ற வடிவத்தைப் பலரும் சொல்கிறார்கள், செந்தில் சொன்ன பொருளோடுதான். 'பேரை' என்பதும் ஊரெங்கும் புழங்குகிறது. இரண்டும் இரண்டு கட்டம், இரண்டாவது எழுத்தும் 'ரை'யே. முதல் கட்டம் ஒன்றுதான் வித்தியாசம். அதன் வழியே எது போகிறது?

---

மைதிலி_உறையூர்

எதுவும் போகவில்லை ஐயா. இரண்டாவது கட்டத்தில்தான் ஒரு சொல் குறுக்கிடுகிறது, அதில் 'ரை' சரியாக இருக்கிறது. முதல் கட்டத்துக்கு மேலும் கீழும் கறுப்பு.

---

கட்டக்காரர்

அப்போது என்னால் சொல்ல முடியாது. கிளியையும் திரைகடலையும் அவ்வளவு கவனமாக இறக்கியவர் இந்த இடத்தில் விட்டுவிட்டார். 11-இல் ஊர்வழக்கான குதிரையை எடுத்துக்கொண்டவர் என்பதால் இங்கேயும் ஊரில் அதிகம் சொல்லும் 'பேரை'யை எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் அது அவர் கையைப் பற்றிய என் ஊகம், கட்டம் சொல்லும் சான்று அல்ல.

---

மைதிலி_உறையூர்

அடுத்த ஞாயிறு விடை வரும், வந்ததும் எழுதுகிறேன். அப்பா 'பே' என்று லேசாக எழுதி, கட்டத்தின் மூலையில் சின்னதாக 'வே'யும் போட்டுவைத்திருக்கிறார்.